கொட்டாஞ்சேனை டிவியும் வெள்ளவத்தை டிவியும்

கொட்டாஞ்சேனையில் விளையாடினால் நாங்கள் தோற்போம். வெள்ளவத்தையில் விளையாடினால் அவன் தோற்பான். ஒரு வருசமாக இதுதான் கதை. அதே பிஎஸ்4, அதே ஃபுட்பால் கேம், அதே இரண்டு கொன்ட்ரோலர். எங்கட அனெக்ஸில் இருந்து அதை ஒரு பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோய் அவன்ட வீட்டில் பூட்டினால், எங்கட விரல் எல்லாம் மற்ற யாருடையதோ மாதிரி ஆகிவிடும். பந்தைப் பறிக்க அமத்துவோம், ஆள் தாண்டிப் போன பிறகு எங்கட ஆள் கால் நீட்டுவான். ஃபவுல், மஞ்சள் அட்டை.

ஒருநாள் 5–0க்குத் தோற்ற கோபத்தில், "இந்த டிவி சரியில்ல மச்சான், அமத்தினா லேட்டாத்தான் வேலை செய்யுது" எண்டு கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டோம். குசினியில் நின்ற ஆன்ட்டி வெளியே வந்தார். அது 43 இஞ்சி டிவி. ஆன்ட்டி மாதக் கட்டணத்துக்கு எடுத்தது, கட்டி முடிய இன்னும் ஏழு மாசம் இருந்தது. "அப்ப கடைக்காரன் என்ன ஏமாத்திட்டானா தம்பி?" எண்டு கேட்டார். பகிடியாகக் கேட்கவில்லை. எங்களுக்கு வாயடைத்துப்போனது. இல்லை ஆன்ட்டி, சும்மா சொன்னோம் எண்டாலும் அவர் நம்புகிற மாதிரி இல்லை. அடுத்த நாள் கடைக்குப் போய்க் கதைக்கப் போறாராம் எண்டு இரவு அவன் மெசேஜ் போட்டான். கொஞ்சம் பொறுக்கச் சொல்லு, அளந்து பார்த்துச் சொல்லுறோம் எண்டோம். எப்படி அளக்கிறது எண்டு அந்த நேரம் எங்களுக்கே தெரியாது.

முதலில் எதை அளக்கப்போகிறோம் எண்டு பிரிக்கவேண்டி இருந்தது. கிரிக்கெட் நடக்கேக்க பக்கத்து ஃபிளாட்டில் விக்கெட்டுக்குக் கத்துவார்கள், எங்கட டிவியில் பந்துவீச்சாளர் அப்பதான் ஓடிவருவார். அது ஒளிபரப்பு வந்துசேரும் வழியில் வருகிற தாமதம், செக்கன் கணக்கில் வரும், டிவியை மாத்தினாலும் போகாது. இன்புட் லேக் எண்டது வேறு. படம் எச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவியின் முதுகுக்குள் போனதில் இருந்து கண்ணாடியில் தெரியும் வரைக்கும் டிவி எடுத்துக்கொள்ளும் நேரம். அதுக்குள்ளேதான் நிறத்தைத் திருத்துவது, புள்ளியைத் துடைப்பது, படத்தைப் பெருப்பிப்பது எல்லாம் நடக்கும். செக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவில் முடிகிற விஷயம்தான். சீரியல் பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் கையால் அமத்திக் கண்ணால் பார்க்கிறவனுக்குத் தெரியும்.

இதை அளக்கவெண்டே ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. லியோ போட்னர் எண்டவருடைய பெயரில் விற்பது. தானே படத்தை அனுப்பி, திரையில் ஒட்டிப் பிடித்த ஒளி உணரியால் அது எப்ப தெரிந்தது எண்டு பார்த்து மில்லிசெக்கனைக் காட்டும். எங்களுக்குக் கட்டுபடியாகாது. எங்களிட்ட இருந்தது ஒரு பழைய லப்டொப், இரண்டு ஃபோன். வழி சுலபமாகத் தெரிந்தது: லப்டொப்பை டிவியோட பூட்டி இரண்டு திரையிலும் ஒரே படத்தைக் காட்டவேணும். அதில் ஒரு டைமர் ஓடவேணும். இரண்டு திரையும் ஒரே போட்டோவில் விழ எடுத்தால், பிந்தின திரையில் பழைய இலக்கம் இருக்கும். கழித்தால் விடை.

டைமருக்கு ஒரு நண்பி இதை எழுதித் தந்தாள். ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் போட்டு .html எண்டு சேமித்து பிரவுசரில் முழுத்திரையாகத் திறந்தால் ஓடும்.

```html
<body style="background:#000;color:#fff;font:20vw monospace">
<div id="t"></div>
<script>
function f(now){
  t.textContent = String(Math.floor(now) % 10000).padStart(4,"0");
  requestAnimationFrame(f);
}
requestAnimationFrame(f);
</script>
```

சனிக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். Win + P அமத்தி Duplicate தெரிவு செய்தோம். உடனே முதல் பிழை. அது 4கே டிவி, எங்கட லப்டொப்பில் இருப்பது பழைய எச்டிஎம்ஐ. 4கே படத்தை அதால் செக்கனுக்கு 30 தரம்தான் அனுப்ப ஏலும். பிஎஸ்4 அனுப்புவது 60 தரம். பாதி வேகத்தில் அளந்தால் அது வேறு ஒரு டிவியை அளந்த மாதிரி. டிஸ்ப்ளே செட்டிங்கில் 1920 × 1080, 60 Hz எண்டு கையால் மாத்தினோம். இதைப் பார்க்காமல் அளந்திருந்தால் ஆன்ட்டியைக் கடைக்கு அனுப்பியிருப்போம்.

பிறகு போட்டோ. முதல் பத்தும் குப்பை. கடைசி இரண்டு இலக்கமும் எல்லாப் படத்திலும் 8 மாதிரி இருந்தது. இரவில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஃபோன் தானாக எடுக்கேக்க ஷட்டர் 1/30 செக்கன், அதாவது 33 மில்லிசெக்கன் திறந்திருக்கிறது. அதுக்குள்ள டைமர் இரண்டு தரம் மாறி எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்று விழுந்துவிடும். ப்ரோ மோடுக்குப் போய் ஷட்டரை 1/500 ஆக்கி, லைட்டை அணைத்து, இரண்டு திரையின்ட வெளிச்சத்தையும் முழுசாகக் கூட்டினோம். வெளிச்சத்தைக் குறைத்தால் சில திரைகள் பின்விளக்கை வேகமாக அணைத்து அணைத்துத்தான் மங்கலாக்கும். குறுகின ஷட்டரில் அது கறுப்புப் பட்டையாக விழும்.

இப்ப இலக்கம் வாசிக்க முடிந்தது. கழித்தால் 117, 133, 117, 133, 150 எண்டு வந்தது. ஒன்று கூடிக் குறைந்ததே தவிர, இடையில் ஒரு 125 கூட வரவில்லை. கொஞ்ச நேரம் நாங்கள் இதை டிவியின்ட குணம் எண்டு நினைத்தோம். டிவியின்ட குணம் இல்லை. டைமர் நாலு இலக்கத்தில் மில்லிசெக்கனைக் காட்டினாலும், லப்டொப் திரை செக்கனுக்கு 60 தரம்தான் மாறுது. ஆகவே இலக்கமும் 16.7 மில்லிசெக்கனுக்கு ஒருக்காத்தான் மாறும். எந்த இரண்டு இலக்கத்தைக் கழித்தாலும் 16.7இன் மடங்குதான் வரும். நாலாவது இலக்கம் வெறும் அலங்காரம். ஒரே ஒரு போட்டோவை எடுத்துப்போட்டு "எங்கட டிவி 117" எண்டு சொல்லுறவர் உண்மையில் சொல்லுறது 100க்கும் 133க்கும் இடையில் எங்கேயோ எண்டதுதான்.

இரண்டாவது விசயம் தற்செயலாகப் பிடிபட்டது. டிவி சுவரில் உயரத்தில், லப்டொப் கீழே ஸ்டூலில். கை நொந்து ஒருத்தன் ஃபோனைத் தலைகீழாகப் பிடித்து எடுத்தான். அதுவரைக்கும் 125 ஆக இருந்த சராசரி 102க்கு இறங்கியது. டிவிக்கு நாங்கள் ஃபோனை எப்படிப் பிடிக்கிறோம் எண்டு தெரியாதே. அப்ப பிழை கமராவில். ஃபோன் கமரா முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பிடிப்பதில்லை, ஒரு ஓரத்தில் இருந்து மற்ற ஓரத்துக்கு வரிவரியாக வாசித்துக்கொண்டு போகும். நேராகப் பிடித்தால் மேலே இருக்கிற டிவியை முதல் வாசித்து, கொஞ்சம் பிந்தித்தான் லப்டொப்பை வாசிக்கும். அதுக்குள்ள லப்டொப் முன்னுக்குப் போய்விடும், வித்தியாசம் கூடித் தெரியும். தலைகீழாகப் பிடித்தால் எதிர்மாறு. அடுத்த வேலையாக லப்டொப்பைப் புத்தகங்கள் அடுக்கி டிவியின்ட உயரத்துக்கு ஏற்றினோம். கலைப்பீடத்துப் பிள்ளைகளிட்ட புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. பக்கத்துப் பக்கத்தில் ஒரே உயரம், ஃபோன் படுக்கையாக. வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் இந்தத் தலைகீழ்ச் சோதனையைக் கட்டாயம் செய்யவேணும். திருப்பினால் விடை மாறுதெண்டால் நீங்கள் அளக்கிறது உங்கட ஃபோனை.

இவ்வளவுக்கும் பிறகு போட்டோவை விட்டுவிட்டு ஸ்லோ மோஷன் வீடியோவுக்கு மாறினோம். 240 ஃபிரேம் எண்டால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையில் 4.17 மில்லிசெக்கன். இதில் இலக்கங்களைக் கழிக்கவே தேவையில்லை. லப்டொப்பில் 5217 எண்டு தோன்றும் ஃபிரேமைப் பிடி, டிவியில் அதே 5217 தோன்றும் வரைக்கும் எத்தனை ஃபிரேம் எண்டு எண்ணு. வீடியோவை VLCயில் திறந்து E அமத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். டைமரின்ட 16.7 படிக்கட்டு இதில் பிரச்சினை தராது, ஏனெண்டால் இப்ப கமராதான் கடிகாரம், டைமர் வெறும் அடையாளம். கமரா வரிவரியாக வாசிக்கிற பிழையும் சுருங்கிவிடும்: செக்கனுக்கு 240 படம் எடுக்கவேணுமெண்டால் ஒவ்வொன்றையும் 4.17 மில்லிசெக்கனுக்குள் வாசித்து முடிக்கத்தானே வேணும்.

கமராவே கடிகாரம் எண்டால் அது பொய் சொல்லக்கூடாது. எங்களில் ஒருத்தரின்ட ஃபோனில் 240 எண்டுதான் எழுதியிருந்தது, ஆனால் ஒன்று விட்டு ஒரு ஃபிரேமில் இரண்டு இலக்கம் பேய் மாதிரி கலந்து நின்றது. 120 எடுத்துவிட்டு இடையில் தானே படம் செய்து நிரப்புகிற ஃபோன். மற்ற ஃபோனில் ஒவ்வொரு இலக்கமும் லப்டொப் திரையில் நாலு ஃபிரேம் நின்று மாறியது, 60 × 4 = 240, சரி. மேலும் ஒரு சோதனையாக 240 ஃபிரேம் எண்ணிப் பார்த்தோம். அதுக்குள்ள டைமர் 1000 கூடியிருக்கவேணும், கூடியிருந்தது. டிவியில் இலக்கம் மாறேக்க பழையது உடனே மறையாது, இரண்டு ஃபிரேமுக்கு மங்கலாகக் கலந்து நிற்கும். புதிய இலக்கம் முதன்முதல் வாசிக்கத் தெரிகிற ஃபிரேமையே கணக்கில் எடுப்பது எண்டு முதலே முடிவு செய்துவிட்டு எண்ணினோம். இடையில் விதியை மாத்தினால் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு விடை வரும், வந்தது, சண்டையும் வந்தது.

பத்துத் தரம் எடுத்தோம், இரண்டு தரத்துக்கு ஒருக்காக் கேபிளைக் கழற்றித் திருப்பிப் பூட்டி. லப்டொப் இரண்டு திரைக்கும் ஒரே படத்தை அனுப்பினாலும் இரண்டும் ஒரே கணத்தில் புறப்படவேண்டும் எண்டில்லை. அந்த இடைவெளி ஒவ்வொரு தரம் பூட்டேக்கையும் வேறாக இருக்கலாம். கழற்றாமல் பத்துத் தரம் எடுத்தால் ஒரே பிழையைப் பத்துத் தரம் எடுத்ததாகிவிடும். வந்த கணக்கு: 27, 26, 28, 27, 27, 26, 28, 27, 29, 27. சராசரி 27.2 ஃபிரேம், 113 மில்லிசெக்கன்.

இங்கேதான் ஒருத்தி கேட்டாள்: "லப்டொப் திரையும் லேட்டாத்தானே காட்டும்? அது எவ்வளவு எண்டு தெரியாமல் இந்த 113க்கு என்ன அர்த்தம்?" சரியான கேள்வி. நாங்கள் அளந்தது டிவியின்ட தாமதம் இல்லை, லப்டொப்பைவிட டிவி எவ்வளவு பிந்துது எண்டதுதான். முந்திப் பழைய குழாய் மொனிட்டரைப் பக்கத்தில் வைத்து அளப்பார்களாம், அதில் சிக்னல் வந்தவுடனேயே எலக்ட்ரோன் கற்றை அதை வரைந்துவிடும், தாமதம் இல்லையெண்டே சொல்லலாம். எங்களிட்ட அது இல்லை, இருந்தாலும் பூட்ட லப்டொப்பில் துவாரம் இல்லை. ஆனால் யோசித்தால் எங்கட கேள்விக்கு அது தேவையுமில்லை. இந்த டிவி எத்தனை மில்லிசெக்கன் எண்டு யாரும் எங்களிட்டக் கேட்கவில்லை. அந்த வீட்டு டிவியைவிட இந்த வீட்டு டிவி பிந்துதா எண்டதுதான் வழக்கு. அதே லப்டொப்பை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய் அதே மாதிரி அளந்து ஒன்றில் இருந்து ஒன்றைக் கழித்தால், லப்டொப்பின்ட தெரியாத தாமதம் இரண்டிலும் இருப்பதால் தானாக வெட்டுப்பட்டுப் போகும்.

ஞாயிறு வெள்ளவத்தையில் அளந்தோம். எங்கட டிவி 32 இஞ்சி, அனெக்ஸோடு வந்தது, எங்களுக்கு முந்தி யார் பார்த்ததோ தெரியாது. 8, 9, 9, 8, 10, 9, 8, 9, 9, 9. சராசரி 8.8. ஆக இரண்டு டிவிக்கும் வித்தியாசம் 18.4 ஃபிரேம், 77 மில்லிசெக்கன். கேம் செக்கனுக்கு 60 படம் காட்டுது எண்டால், நாலரைப் படத்துக்கு மேலே நாங்கள் பழசைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவனோ தினம் அந்த டிவியிலேயே விளையாடுறவன், அவன்ட விரல் அவனுக்குத் தெரியாமலே 77 மில்லிசெக்கன் முந்தி அமத்தப் பழகிவிட்டது. அதே விரலோட வெள்ளவத்தைக்கு வந்தால் எல்லாத்தையும் முந்திக்கொண்டு அமத்துவான். எங்கட தோல்விக்கு மட்டுமில்லை, அவன்ட தோல்விக்கும் இதுதான் காரணம் எண்டது எங்களுக்கு அவ்வளவு சந்தோசமான முடிவாக இருக்கவில்லை. நாங்கள் அதைத் திறமை எண்டு நினைத்திருந்தோம்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. சில டிவிகள் பூட்டியிருப்பது கம்ப்யூட்டர் எண்டு தெரிந்தால் தாங்களாகவே வேறு மோடுக்கு மாறும். லப்டொப்புக்குக் கிடைத்த விடை பிஎஸ்4க்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே லப்டொப்பைக் கழற்றிவிட்டு, கொன்ட்ரோலரைத் திரைக்கு முன்னால் பிடித்து, மெனுவில் அம்புக்குறிப் பட்டனை அமத்துவதையும் திரையில் கட்டம் நகர்வதையும் ஒரே ஸ்லோ மோஷனில் எடுத்தோம். பட்டன் எந்த ஃபிரேமில் "அமத்தப்பட்டது" எண்டு சொல்வது கஷ்டம், ஒன்று இரண்டு ஃபிரேம் பிழைக்கும். வெள்ளவத்தையில் சராசரி 31, கொட்டாஞ்சேனையில் 49. இதுக்குள்ள கொன்ட்ரோலரின்ட தாமதமும் கேமின்ட தாமதமும் சேர்ந்து கிடக்கு, ஆனால் அவையும் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் 18. லப்டொப் சொன்னது 18.4. இரண்டு வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் முட்டின பிறகுதான் எங்களுக்கு ஆன்ட்டியின்ட முகத்தைப் பார்க்கத் தைரியம் வந்தது.

ஆனால் டிவி பழுதா? அது இன்னும் தெரியாது. ரிமோட்டை எடுத்து செட்டிங்குக்குள் போனோம். அசைவை மென்மையாக்கும் ஒரு வசதி முழுசாகக் கூட்டி வைக்கப்பட்டிருந்தது, கடையில் இருந்து வந்தபடியே. அது இரண்டு படத்துக்கு நடுவில் மூன்றாவது படம் ஒன்றைத் தானே கற்பனை செய்து செருகும். நடுப்படம் செய்யவேணுமெண்டால் அடுத்த படம் கையில் இருக்கவேணும், அடுத்தது வரும்வரைக்கும் இப்போதையதைப் பிடித்து வைத்திருக்கத்தான் வேணும். எவ்வளவு வேகமான சிப் போட்டாலும் இந்தக் காத்திருப்பைக் குறைக்க ஏலாது. அதை மட்டும் நிறுத்தினால் 27இல் இருந்து 16 ஃபிரேமுக்கு இறங்கியது. கேம் மோடைப் போட்டால் மிச்ச அலங்காரமும் போய் 7. திரும்பப் பத்துத் தரம் எடுத்தோம், சராசரி சரியாக 7.0. பட்டன் சோதனையிலும் 49 இருந்தது 29 ஆனது.

டிவியில் ஒரு பழுதும் இல்லை. ஆன்ட்டிக்கு அதைக் காட்ட வீடியோவையே போட்டுக் காட்டினோம், இலக்கம் ஒன்றின் பின்னால் ஒன்று ஓடுவதை. அவர் கவனமாகப் பார்த்துவிட்டு, "அப்ப நான் பாக்குற நாடகமும் லேட்டாத்தான் வருதா?" எண்டார். வருது ஆன்ட்டி, ஆனால் டிவி சத்தத்தையும் அதே அளவு பிடித்து வைத்து விடுது, அதனால் வாயும் குரலும் பொருந்தும். பிறகு கேம் மோடில் நாடகத்தைப் பார்த்தார். "என்ன இது, எல்லாருக்கும் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கு. பழைய மாதிரியே ஆக்கித் தாங்க." நிறம் வெளிறித்தான் இருந்தது, அது உண்மை. நல்லகாலம் அந்த டிவி ஒவ்வொரு எச்டிஎம்ஐ துவாரத்துக்கும் தனித்தனி மோடை ஞாபகம் வைத்திருக்கும். இரண்டாம் துவாரத்தில் பிஎஸ்4, கேம் மோட். முதலாம் துவாரத்தில் ஆன்ட்டியின்ட பெட்டி, ஆன்ட்டியின்ட நிறம். கடைக்குப் போகிற கதை அதோட முடிந்தது. மன்னிப்புக் கேட்டதுக்கு ரோல்ஸ் பொரித்துத் தந்தார்.

இப்ப கொட்டாஞ்சேனை 7.0, வெள்ளவத்தை 8.8. கேம் மோட் எண்ட சாமானே இல்லாத எங்கட டிவிதான் பிந்துது. 1.8 ஃபிரேம், ஏழரை மில்லிசெக்கன், கேமின்ட ஒரு படத்தில் பாதியும் இல்லை, எங்கட அளவுப் பிழைக்குள்ளேயே அடங்கிப்போகும் எண்டு நாங்கள் அவனுக்குப் படித்துப் படித்துச் சொல்லுறோம். அவன் கேட்கிறதாயில்லை. இங்க வந்து தோற்றால் "உங்கட டிவி" எண்டுறான். தன்ட வீட்டிலேயே மூண்டு கிழமையாக எல்லாத்தையும் முந்தி அமத்திக்கொண்டிருந்தான், பழகின விரல் அவ்வளவு கெதியில் மாறாது போல. போன ஞாயிறு கொட்டாஞ்சேனையில் 2–2. பெனல்டிக்குப் போக முதல் கரண்ட் போயிட்டுது.